படுத்தால் தெரியாத வலி: ஒரு ஓவர்லாக் டெய்லரின் வால் எலும்பு

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்காரர்கள் அதிகம் வரும் ஒரு சிறிய பிசியோதெரபி கிளினிக்கில் நான் வேலை செய்கிறேன். இடுப்பு, கழுத்து, தோள்பட்டை என்று வருபவர்களே பாதிக்கு மேல். வால் எலும்பு வலி என்று நேராகச் சொல்லி வருபவர்கள் குறைவு. சொல்லக் கூச்சம். "இடுப்பு வலி" என்றே சீட்டில் எழுதச் சொல்வார்கள். இங்கே நான் எழுதும் பெண்ணும் அப்படித்தான் வந்தார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கை மாற்றவில்லை.

வயது 34. ஓவர்லாக் டெய்லர். பீஸ் ரேட் வேலை, சீசனில் ஒன்றரை ஷிப்ட். இரண்டு குழந்தைகள், இரண்டும் சுகப்பிரசவம். உடல் எடை அளவானது. பொங்கல் முடிந்த வாரத்தில் வந்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்தபோது இடது பக்கப் புட்டத்தில் மட்டும் எடையைப் போட்டு, ஒரு கையை நாற்காலி ஓரத்தில் ஊன்றிக்கொண்டார். பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிட்டது என்று சொன்னால் மிகையில்லை.

கையில் ஒரு தடித்த உறை. முதுகெலும்பின் எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., மூன்று டாக்டர் சீட்டு. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் இடுப்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாக எழுதியிருந்தது. அதற்கு மாத்திரை, பெல்ட், இழுவை சிகிச்சை எல்லாம் ஆகியிருந்தது. வலி அப்படியே இருந்தது.

"எங்கே வலிக்குதுங்க?" என்று கேட்டேன்.

திரும்பி நின்று, ஆட்காட்டி விரலால் ஒரே ஒரு இடத்தைத் தொட்டார். புட்டங்களின் பிளவு தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே. டிஸ்க் வலிக்காரர்கள் இப்படிக் காட்ட மாட்டார்கள். உள்ளங்கையை விரித்து இடுப்பிலிருந்து தொடை வரை தடவிக் காட்டுவார்கள். ஒரு விரலால் வால் எலும்பைத் தொட்டுக் காட்டுகிறவரிடம் நான் முதலில் வேறு எதையும் தேடுவதில்லை.

அடுத்து அவரே சொன்னார்: "உட்கார்றதுகூடப் பரவாயில்லைங்க மேடம், எந்திரிக்கறப்பதான் உயிர் போகுது."

இது இந்த நோயின் தனிக் குணம். உட்காரும்போது வலி மெதுவாக ஏறும். எழும் நொடியில் ஊசி குத்தியது போல் சுருக்கென்று வரும். நின்று இரண்டடி நடந்தால் தணியும். படுத்தால் பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் வீட்டார் நம்புவதில்லை. "நடக்கறே, படுக்கறே, வேலைக்குப் போனா மட்டும் வலிக்குதா?" என்று மாமியார் கேட்டதாகச் சொன்னார்.

எப்போது ஆரம்பித்தது என்ற கேள்விக்கு முதலில் "தானா வந்ததுங்க" என்றார். இந்தப் பதிலை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. மூன்று மாதம் கழித்து யாருக்கும் விழுந்தது நினைவில் இருக்காது. ரத்தம் வராத அடியை அடி என்றே நம் ஆட்கள் எண்ணுவதில்லை. "எங்கேயாவது வழுக்கி உட்கார்ந்த மாதிரி விழுந்தீங்களா, பஸ்ல தூக்கிப் போட்டுச்சா, வண்டியில பின்னாடி உட்கார்ந்து ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்கினீங்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோதுதான் வெளியே வந்தது. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு, மழை நேரம். லைன் வீட்டு மாடிப்படியில் தண்ணீர்க் குடத்தோடு இறங்கும்போது கால் வழுக்கி, படியின் விளிம்பில் சரியாக உட்கார்ந்த நிலையில் விழுந்திருக்கிறார். குடம் உடையவில்லை என்பதுதான் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இரண்டு நாளில் வலி தொடங்கியது. விழுந்த ஒரு மாதத்துக்குள் வலி ஆரம்பித்திருந்தால் அந்த விழுதலைக் காரணமாக எடுத்துக்கொள்ளலாம். எப்போதோ பத்து வருடம் முன்பு விழுந்ததை இன்றைய வலியோடு முடிச்சுப் போடுவது சரிவராது.

விழுந்ததோடு விட்டிருந்தால் அவர் என்னிடம் வந்திருக்க மாட்டார் என்பது என் கணிப்பு. வால் எலும்பில் பட்ட அடி பலருக்குச் சில வாரங்களில் தானே ஆறிவிடும். ஆனால் அவருக்கு அது தீபாவளி அவசரம். விழுந்த மறுநாளிலிருந்து காலை எட்டரை முதல் இரவு வரை மரப்பலகை ஸ்டூலில். கணுக்கால் பிசகினால் அந்தக் காலை ஊன்றாமல் இருப்போம். பிசகிய வால் எலும்பின் மேல் அவர் தினமும் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

இங்கே அந்த எலும்பைப் பற்றிக் கொஞ்சம். முதுகெலும்பின் கடைசியில், இடுப்பின் பின்பக்கம் முக்கோணமாக இருக்கும் திரிக எலும்புக்குக் கீழே, மூன்று முதல் ஐந்து சிறு துண்டுகள் சேர்ந்து முன்பக்கம் வளைந்திருக்கும். பறவையின் அலகு போல இருப்பதால் கிரேக்கர்கள் குயிலின் பெயரை வைத்தார்கள். காக்சிக்ஸ் என்ற மருத்துவச் சொல் அதிலிருந்து வந்தது. மிச்சமான வால், எதற்கும் பயனில்லை என்று பள்ளியில் படித்திருப்போம். அது சரியில்லை. மலக்குடலையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் இதில்தான் வந்து சேர்கின்றன. புட்டத்தின் பெரிய தசையின் சில இழைகளும் இதில் ஒட்டியிருக்கின்றன. எழும்போது அந்தத் தசை இறுகி இழுக்கிறது. எடை சட்டென்று விலகுவதால் வளைந்த மூட்டும் திரும்புகிறது. எழும் நொடியில் வலி கூடுவது அதனால்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன். பெண்களுக்கு இந்த வலி ஆண்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு அதிகம் என்பார்கள். அவர்களின் இடுப்பு அகலமானது, வால் எலும்பு வெளியே தள்ளி இருக்கிறது. பிரசவத்தில் குழந்தையின் தலை அதைப் பின்னுக்குத் தள்ளுவது வேறு.

நிமிர்ந்து உட்காரும்போது எடை முழுதும் புட்டத்துக்குள் இருக்கும் இரண்டு உட்காரும் எலும்புகளிலும் தொடையிலும் இறங்குகிறது. வால் எலும்பு தரையைத் தொடுவதே இல்லை. பின்னால் சாய்ந்தவுடன் இடுப்பு பின்பக்கம் உருண்டு, அதுவும் ஒரு காலாகிவிடுகிறது. முக்காலியின் மூன்றாவது கால். இருக்கை மெத்தென்று இருந்தால் எடை பரவும். பலகையாக இருந்தால் அந்தச் சிறு எலும்பின் முனையில் மொத்தமும் நிற்கும்.

அப்படியானால் தையல்காரர் முன்னால் குனிந்துதானே உட்காருவார், வால் எலும்பில் எடை ஏன் வருகிறது? எனக்கும் இது முதலில் ஒட்டவில்லை. அதை அப்புறம் சொல்கிறேன்.

சோதித்தபோது படுத்து காலை நேராகத் தூக்கினால் வலி இல்லை. காலில் மரத்துப்போதல் இல்லை. வால் எலும்பின் நடுவில் அழுத்தியதும் "அதேதாங்க" என்று துள்ளினார். உட்காரும் எலும்புகளை அழுத்தினால் ஒன்றுமில்லை. அங்கே வலித்தால் அது வேறு நோய். எலும்புக்கு மேலுள்ள திரவப்பை வீங்குவது. ஒருகாலத்தில் நெசவாளர் நோய் என்றே அதற்குப் பெயர். புட்டப் பிளவில் வீக்கமோ, சீழோ, சிறு துளையோ இல்லை. வால் எலும்பு வலி என்று வருபவர்களில் சிலருக்கு உண்மையில் இருப்பது மயிர்க்குழிச் சீழ்க்கட்டி. துணியை விலக்கிப் பார்க்காமல் அது தெரியாது. காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் விடாத இரவு வலி, சிறுநீர் மலம் அடக்க முடியாமை, உள்தொடையில் மரத்துப்போதல் எல்லாம் கேட்டேன். எதுவும் இல்லை. ஒன்று இருந்திருந்தாலும் காசநோய், கட்டி, நரம்பு அழுத்தம் பக்கம் போயிருக்க வேண்டும். என் மேஜையில் முடிகிற காரியமாக இருந்திருக்காது.

பிறகு அந்த எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடுப்பு எலும்புகள் எல்லாம் தெளிவாக இருந்தன. திரிக எலும்பின் பாதியோடு படம் முடிந்துவிட்டது. வால் எலும்பு அந்தப் படத்திலேயே இல்லை. இடுப்பு எம்.ஆர்.ஐ. என்று எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் அவ்வளவுதான் எடுப்பார்கள். ஸ்கேன் எடுத்தவர் மேல் குற்றமில்லை. ஆனால் மூன்று மாதமாக ஒரு எலும்பின் வலிக்கு, அந்த எலும்பு இல்லாத படத்தை வைத்து மருந்து கொடுத்திருக்கிறார்கள். டிஸ்க் பிதுக்கம் பொய்யில்லை. இந்த வயதில் வலியே இல்லாத பலருக்கும் லேசான பிதுக்கம் இருக்கும்.

வால் எலும்புக்கென்று ஒரு எக்ஸ்ரேவும் அந்த உறையில் இருந்தது. படுக்க வைத்து எடுத்தது. அறிக்கை: இயல்பு. அதுவும் உண்மைதான். படுத்தால் வலியும் இல்லை, எலும்பும் தன் இடத்தில் இருக்கிறது. எந்த நிலையில் வலிக்கிறதோ அந்த நிலையில் படம் எடுக்க வேண்டும் என்பது பிரான்சில் ழான் ஈவ் மேய்ன் என்ற மருத்துவர் பரப்பிய முறை. நான் சேர்ந்து வேலை செய்யும் எலும்பு மருத்துவரிடம் எழுதிக் கொடுத்தேன், அவரும் ஒத்துக்கொண்டார்.

முதலில் பத்து நிமிடம் நிற்கவைத்துப் பக்கவாட்டில் ஒரு படம். பிறகு கடினமான ஸ்டூலில் உட்காரவைத்து, வலி உச்சத்துக்கு வரும்வரை மெதுவாகப் பின்னால் சாயச் சொல்லி, அந்த நிலையில் இன்னொரு படம். இரண்டிலும் திரிக எலும்பை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், வால் எலும்பு எத்தனை டிகிரி நகர்ந்தது என்று அளக்கலாம். 5 முதல் 25 டிகிரி வரை முன்னால் வளைவது இயல்பு. அவருக்கு முதல், இரண்டாம் துண்டுகளுக்கு நடுவிலுள்ள மூட்டில் 35 டிகிரிக்கு மேல் மடங்கியது. உட்காரும் ஒவ்வொரு முறையும் தளர்ந்த கதவுக்கீல் போல அந்த மூட்டு மடிந்து விரிகிறது. சிலருக்கு மடங்குவதற்குப் பதில் பின்னால் நழுவும். உடல் எடை அதிகமானவர்களிடம் அது கூடுதலாகக் காணப்படும். மிக ஒல்லியானவர்களுக்கு எலும்பின் நுனியில் சிறு முள் போல ஒன்று துருத்தி, அது தோலை உள்ளிருந்து குத்தும்.

படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டவில்லை. மடங்கும் மூட்டும் விரல் அழுத்தத்தில் வலிக்கும் மூட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இருந்தது.

சரி, இனி அந்த ஸ்டூல் கதை. வேலை செய்யும்போது பக்கத்திலிருந்து ஒரு வீடியோ எடுத்துவரச் சொன்னேன். உடன் வேலை செய்யும் பெண் போனில் எடுத்திருந்தார், நாற்பது நொடி. தலையும் தோளும் மெஷினை நோக்கிக் குனிந்திருந்தன. அதைப் பார்த்தால் முன்னால் சாய்ந்து உட்கார்ந்த மாதிரிதான் தோன்றும். கீழே பார்த்தால் வேறு. பெடல் மேஜைக்கு அடியில் தூரத்தில் இருந்தது. அதை எட்டுவதற்காக வலது காலை நீட்டியிருந்தார், முட்டி பாதி நேராகியிருந்தது. காலை நீட்டினால் தொடையின் பின்தசை இழுபட்டு இடுப்பைப் பின்னுக்கு உருட்டும். ஸ்டூலும் தாழ்வு, முட்டி இடுப்பைவிட உயரத்தில். ஆக மேல் உடம்பு முன்னால் வளைந்திருக்க, இடுப்பு பின்னால் உருண்டு, வால் எலும்பு பலகையில் ஊன்றி நின்றது. பெடலை அழுத்தும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம்.

கம்பெனி மெக்கானிக் பெடலைச் சுமார் நான்கு அங்குலம் அவர் பக்கமாக இழுத்து வைத்தார். பத்து நிமிட வேலை, செலவு ஒன்றுமில்லை. இந்தச் சிகிச்சையிலேயே அதிகப் பலன் தந்தது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது மெத்தை. ஏற்கெனவே மெடிக்கலில் காற்றடிக்கும் வளையம் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார், வலி கூடியதாம். கூடத்தான் செய்யும். வளையத்தின் பின் விளிம்பு சரியாக வால் எலும்புக்கு அடியில் வரும். இதற்கு வேண்டியது பின்பக்கம் திறந்த மெத்தை. கெட்டியான ஃபோம், முஷ்டியால் அழுத்தினால் அடிப்பலகை தட்டக் கூடாது. பின்பக்கம் மூன்று அங்குலம், முன்பக்கம் ஒன்றரை அங்குலம் எனச் சரிவாக இருந்தால் இடுப்பு தானே முன்னால் உருளும். பின் ஓரத்தின் நடுவில் மூன்று அங்குல அகலம், நான்கைந்து அங்குல ஆழத்துக்கு ஒரு வெட்டு. வால் எலும்பு அந்த வெட்டுக்கு மேல் அந்தரத்தில் இருக்கும்.

நான் தாளில் வரைந்து கொடுத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது டி-ஷர்ட் கழுத்து வெட்டுற மாதிரிதானேங்க" என்றார். அடுத்த வாரம் மெத்தையோடு வந்தார். ஃபோமுக்கு மேல் கழிவு பனியன் துணியில் உறை, வெட்டின் ஓரம் முழுக்க ஓவர்லாக். கடையில் கிடைப்பதைவிடச் சுத்தமான வேலை. ஒரு தவறு மட்டும்: வெட்டை அழகாக மூடித் தைத்திருந்தார். உறைத்துணி அங்கே தொட்டில் போல இழுத்துக்கொண்டு எலும்பைத் தாங்கியது. அந்தத் துணியைப் பிரித்து, வெட்டின் உள்சுவரோடு ஒட்டித் தைத்ததும் சரியானது. மெத்தை ஏற்றிய உயரத்தில் முட்டி இடுப்புக்குக் கீழே வந்தது. மேஜை சற்றுத் தாழ்ந்த மாதிரி ஆகிக் கழுத்து வலிக்கிறது என்று பத்து நாளில் சொன்னார். ஃபோமைக் கொஞ்சம் சீவிக் குறைத்தோம்.

அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள் என்று நாங்கள் எல்லோருக்கும் சொல்வோம். பீஸ் ரேட்டில் அது நடக்காது. ஒரு பண்டல் முடிந்ததும் அடுத்ததை ஹெல்பர் கொண்டுவரும் வரை நிற்பது என்று பேசிக்கொண்டோம். எழும் விதத்தையும் மாற்றினோம்: ஸ்டூலின் நுனிக்கு நகர்ந்து, மூக்கு முட்டியைத் தாண்டும் அளவு முன்னால் குனிந்து, எடை பாதத்துக்கு வந்த பிறகு எழுவது. நேராக நிமிர்ந்தபடியே எழுந்தால் வால் எலும்பைத் தேய்த்துக்கொண்டுதான் எழ முடியும். வீட்டில் சம்மணம் போட்டுச் சாப்பிடும்போது டைல்ஸ் தரையில் நேராக உட்காராமல், மடித்த போர்வையைப் புட்டத்துக்கு அடியில் போடச் சொன்னேன்.

இடையில் ஒரு பின்னடைவு. யாரோ வீடியோ பார்த்து இடுப்புத்தளப் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். சிறுநீரை அடக்குவது போலத் தசையை இறுக்கிப் பிடிப்பது. தினமும் நூறு முறை செய்திருக்கிறார். வலி ஏறிவிட்டது. ஏற்கெனவே வலிக்குப் பயந்து அந்தத் தசைகள் இறுகிக் கிடக்கின்றன. அவை பிடித்திருப்பதே வால் எலும்பைத்தான். இவருக்கு வேண்டியது இறுக்கம் இல்லை, தளர்த்தல். குப்புற மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைத்து, அடிவயிறு விரிய மூச்சை இழுத்து, மலவாய்ப் பக்கம் தானாகத் தளர்வதை உணர்வது. புரிய இரண்டு வாரம் ஆயிற்று.

அவரது சம்மதத்தோடு, உதவியாளர் பெண் உடனிருக்க, மலவாய் வழியாக அந்தத் தசைகளைத் தளர்த்தும் மசாஜும் மூன்று முறை செய்தேன். இது பயிற்சி பெற்றவர் மட்டும் செய்ய வேண்டியது. மூட்டை நான் அசைக்கவில்லை. ஏற்கெனவே அளவுக்கு மேல் மடங்கும் மூட்டை மேலும் அசைத்து என்ன ஆகப்போகிறது?

மலச்சிக்கலும் ஒரு பக்கம் இருந்தது. கம்பெனியில் கழிவறைக்குப் போக வரிசை என்பதால் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. முதலில் கொடுத்த வலி மாத்திரையில் ட்ரமடால் இருந்தது. அது மலத்தை இறுக்கும். முக்கும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அழுத்தம். மருத்துவர் மாத்திரையை மாற்றி, சில வாரத்துக்கு மலம் இளக்கும் மருந்து கொடுத்தார்.

ஆறு வாரம் முடிந்தபோது கணக்கு இது: வந்த நாளில் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை, எழும்போது வலி பத்துக்கு எட்டு. இப்போது நாற்பது நிமிடம், வலி ஐந்து. அதற்கு மேல் நகரவில்லை. இரண்டு வாரம் பொறுத்துவிட்டு, எலும்பு மருத்துவர் சி-ஆர்ம் எக்ஸ்ரேவில் பார்த்தபடி அந்த மூட்டில் மரப்பு மருந்தும் ஸ்டீராய்டும் கலந்து ஊசி போட்டார். போட்ட அரை மணியில், மருந்து மரத்திருக்கும்போதே, கடின ஸ்டூலில் உட்காரவைத்து எழச் சொன்னோம். எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்து எழுந்தார். "வலி எங்கேங்க போச்சு?" என்று பின்னால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வலி அந்த மூட்டிலிருந்துதான் வருகிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. மரப்பு மாலையில் விட்டது, இரண்டு நாள் வலி திரும்பியது, ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்கியதும் ஒரு வாரத்தில் இரண்டுக்கு இறங்கியது. இது எல்லோருக்கும் இப்படி அமையாது. சில மாதத்தில் திரும்ப வருபவர்களும் உண்டு.

அறுவை செய்து எலும்பை எடுத்துவிடலாமா என்று அவர் கணவர் கேட்டார். செய்வதுண்டு. மற்ற எல்லாம் செய்து பல மாதம் பார்த்தும் பயனில்லாதவர்களுக்கு, அதுவும் உட்கார்ந்த படத்தில் மூட்டின் கோளாறு தெளிவாகத் தெரிந்தவர்களுக்கு. வெட்டு மலவாய்க்கு மிக அருகில் என்பதால் புண்ணில் கிருமி பிடிக்கும் ஆபத்து அதிகம். முழுப் பலன் தெரியப் பல மாதம் ஆகும். இவருக்கு அந்தப் பேச்சுக்கே அவசியம் வரவில்லை.

கடைசியாக வந்தது ஆடி மாதம். மெத்தையோடு ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து உட்கார்கிறார். பஸ்ஸில் கடைசி சீட்டையும் கணவரின் வண்டியில் பின்னால் உட்கார்வதையும் இன்னும் தவிர்க்கிறார். இரண்டிலும் தூக்கிப் போட்டால் அன்று இரவு வலி வருகிறது. மெத்தையில் வெட்டு கொஞ்சம் அகன்று, உறை நிறம் மாறியிருந்தது. தீபாவளி ஆர்டர் வரப்போகிறது, ஒன்றரை ஷிப்ட் பார்க்கலாமா என்று கேட்டார். ஒரு ஷிப்ட், அதுவும் மெத்தையோடு என்றேன். விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டார். "ஒன்னேகால்?" என்றார்.